வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் பல்பு, பிரிண்டர், கேமரா எல்லாம் அறுந்துபோகுமே, எதையும் விடாமல் மறுபடி இணைப்பது எப்படி?

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் பெரும்பாலும் எதுவும் நிரந்தரமாக அறுந்துபோகாது. முதலில் மெயின் நெட்வொர்க்குக்குப் புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் வையுங்கள். உடனே 2.4 GHz கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து, அதற்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பாதுகாப்பு முறையும் முன்பிருந்த அதே WPA2 ஆக இருக்கட்டும். சாதனங்கள் வித்தியாசம் தெரியாமல் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும்.

நாலு பல்பு, ஒரு பிரிண்டர், ரெண்டு கேமரா என்றால் ரவுட்டரின் கெஸ்ட் பட்டியலில் ஏழு பெயர் தெரியும். ஒவ்வொன்றாகப் புது நெட்வொர்க்குக்கு மாற்ற மாற்றப் பட்டியல் சுருங்கும். மிச்சம் நிற்பதுதான் நீங்கள் மறந்தது. எல்லாவற்றையும் பவர் ஆனில் வைத்துவிட்டுப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பல்பு பட்டியலில் வராது.

பல கேமராக்களில் ஆப் செட்டிங்ஸிலேயே வைஃபையை மாற்றலாம், ஆனால் கேமரா ஆன்லைனில் இருந்தால்தான். அதனால் அதை முதலில் முடியுங்கள். பல பல்புகளை ரீசெட் செய்துதான் ஆகவேண்டும். அதற்கு முன் ஆப்பிலிருந்து நீக்காதீர்கள்; நீக்கினால் பெயரும் டைமரும் சேர்ந்து போய்விடும்.

பிரிண்டரில் Wireless Setup Wizard போதும். பிறகும் கம்ப்யூட்டர் பிரிண்டரை Offline என்று காட்டினால் பிரிண்டரின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்.

கெஸ்ட் பட்டியல் காலியானதும் அதை மூடிவிடுங்கள். பழைய பாஸ்வேர்டு வெளியே கசிந்ததால்தான் மாற்றுகிறீர்கள் என்றால், அன்றைக்கே.