ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, கையெழுத்து இன்னும் போகவில்லை

கொளத்தூரிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் இ.சி.இ. முடித்துவிட்டாள். ஒரகடம் பக்கம் மின்னணுப் பொருட்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் டெஸ்ட் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் கையெழுத்திட்ட பிரதி போகவில்லை. நேற்று எச்.ஆர். பெண்மணி மெயில் அனுப்பியிருக்கிறார்: "உங்கள் கையெழுத்திட்ட பிரதி இன்னும் எங்களுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவையுங்கள். ஏதேனும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்." பெரியப்பா, "இந்த வேலையெல்லாம் வேண்டாம், எம்.எஸ். படிக்க வெளிநாடு அனுப்பு" என்கிறார். மாமா, "இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டு வை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். மகள் மட்டும், "எனக்கு போர்டு டெஸ்டிங்தான் பிடிச்சிருக்கு, நான் போறேன்" என்று முதல் நாளிலிருந்து ஒரே பதிலைச் சொல்கிறாள்.

பயப்படாதீர்கள் சார், அந்த மெயில் மிரட்டல் இல்லை. பேட்ச் சேரும் தேதிக்குள் மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிய வேண்டும். கையெழுத்து வந்தால்தான் அந்த வேலைகள் நகரும். ஆறுதல் இத்தோடு போதும். நேர்காணலில் உங்கள் மகளுக்கு அடுத்த இடத்தில் வந்த பிள்ளை ஒருவரை அவர்கள் பெரும்பாலும் காத்திருப்பில் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்தப் பிள்ளைக்கு போன் போகும். சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 6ஆவது பிரிவின்படி, கெடு குறிப்பிட்டுக் கொடுத்த முன்மொழிவு அந்தக் கெடுவுக்குள் ஏற்கப்படாவிட்டால் தானாகவே முடிந்துவிடும்.

பெரியப்பா சொல்லும் எம்.எஸ்.ஸை முதலில் பார்ப்போம். 35 லட்சம் கல்விக் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பது என்பது உங்கள் கணக்கு. 11 சதவீத வட்டியில், 10 வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 48,000 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உங்கள் மாதச் சம்பளம் 55,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேலை கிடைக்க ஒரு வருடம் தாமதமானால் அந்தத் தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதோடு அந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். படிக்கப் போகிறவளுக்கே அதில் ஆசை இல்லாதபோது அந்தக் கடனை வாங்காதீர்கள். பெரியப்பாவின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் அவர் பத்திரத்தை வைக்கவில்லை.

மாமா சொல்வது அதைவிட மோசம். சேரும் எண்ணமில்லாமல் கையெழுத்துப் போட்டால் அந்தக் காத்திருக்கும் பிள்ளையின் இடம் வீணாகும். கல்லூரி வழியாக வந்த வேலை என்றால் அடுத்த வருட ஜூனியர்கள் தலையில் அது விடியும். வேண்டாமென்றால் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிவிடலாம், அது மரியாதை.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது. அந்த மெயிலின் கடைசி வரியிலேயே அவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று. கேட்கலாம், கெடுவுக்கு முன்பே கேட்கலாம். கேள்வி கேட்பது ஆஃபரை நிராகரிப்பது ஆகாது. என்ன கேட்பது என்பதற்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "பணியில் சேரும் நாளில் நிறுவனத்தின் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்." அந்த ஒப்பந்தம் கடிதத்தோடு இணைக்கப்படவில்லை. எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆக, இப்போது கையெழுத்துப் போட்டால், கண்ணால் பார்க்காத பாண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டியதாக ஆகிறது. "பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று தெருமுனையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதே சமயம், ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை அப்படியே கறந்துவிடவும் முடியாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு, அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீடு மட்டுமே என்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வக்கீல் வைத்து அலைய வேண்டும். அதனால் முன்னாலேயே படித்துவிடுவதுதான் மலிவு. ஒப்பந்தத்தின் மாதிரி வந்ததும் வருடம், தொகை இரண்டோடு, அசல் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்தது சம்பளம். கடிதத்தில் வருடம் 4.2 லட்சம் என்று இருப்பதால் மாதம் 35,000 கைக்கு வரும் என்று வீட்டில் நினைத்திருக்கிறீர்கள். இணைப்புத் தாளைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 17,500. நிறுவனம் கட்டும் பி.எஃப். 2,100, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 840, வருட முடிவில் வேலையைப் பார்த்துத் தரும் தொகை மாதக் கணக்கில் 2,500. இவை மூன்றும் அந்த 35,000த்துக்குள்ளேயே அடக்கம். மிச்சம் சுமார் 29,500. அதில் மகள் பங்கு பி.எஃப். 2,100 பிடித்தால் கையில் 27,400 சொச்சம், தொழில் வரி தனி. பி.எஃப். அவள் பணம்தான், போகாது. கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் வரும். இது ஏமாற்று வேலை இல்லை, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் எழுதுகிறது. ஆனால் 27,000 என்று தெரிந்து சேர்கிறவள் முதல் மாதச் சம்பளத்தன்று அழமாட்டாள்.

அம்மாவின் கவலை நைட் ஷிஃப்ட். ஷிஃப்ட் எப்படி மாறும், கொளத்தூர் பக்கம் கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வருகிறது என்பதையும் அதே மெயிலில் கேட்கட்டும்.

இன்றே அவள் பெயரில் போகவேண்டிய பதில் இது: ஆஃபருக்கு நன்றி, சேர விருப்பமாக இருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் சொல்லியிருக்கும் சேவை ஒப்பந்தத்தின் மாதிரியை அனுப்ப முடியுமா? ஷிஃப்ட், பஸ் விவரமும் வேண்டும். படித்துப் பார்த்து அனுப்ப, கெடுவை அடுத்த செவ்வாய் மாலை 5 மணி வரை நீட்டித்துத் தர இயலுமா? இவ்வளவுதான். "கொஞ்சம் டைம் கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் தட்டிக்கழிப்பதாக நினைப்பார்கள். நாளும் காரணமும் சொல்லிக் கேட்டால் இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் தருவார்கள். ஒரு முறைதான் கேட்க வேண்டும். நீட்டிப்புக்கு எழுத்தில் பதில் வராதவரை வெள்ளிக்கிழமைதான் கெடு, அதை மறக்காதீர்கள்.

பதிலே வராவிட்டால் வெள்ளி காலை அவள் போன் செய்து கேட்கட்டும். அப்போதும் ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல். அதற்குப் பிறகும் சேர வேண்டுமா என்று அவள் யோசிக்கட்டும். எதுவானாலும், பிடிக்காத வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 7ஆவது பிரிவின்படி, ஏற்பு என்றால் நிபந்தனையில்லாமல் முழுதாக ஏற்க வேண்டும். அடித்துத் திருத்தி அனுப்பினால் அது நீங்கள் கொடுக்கும் புது முன்மொழிவு, பழைய ஆஃபர் கையில் இருக்காது. திருத்தம் வேண்டுமென்றால் அவர்களே திருத்திய கடிதத்தை அனுப்பட்டும்.

எல்லாம் சரியென்றால் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் தேதியும் சேரும் நாளும். தெளிவாக ஸ்கேன் செய்து, நினைவூட்டல் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரி வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, அப்பா என்ற முறையில் நீங்கள் எச்.ஆருக்கு போன் போட வேண்டாம். மெயில் அவள் பெயரில், அவள் வார்த்தையில் போகட்டும். வேலைக்குப் போகப்போவது அவள்தான்.