சாம்பல் நிறக் கண்ணும் மடிப்பு இமையும்

கேள்வி: எனக்குத் தை மாதம் கல்யாணம். மேக்கப் போட வருகிற அக்கா, "கிரே லென்ஸ் போட்டால்தான் போட்டோவில் கண் எடுப்பாகத் தெரியும், என்கிட்டயே இருக்கு" என்கிறார். நான் தயங்கினால், "கொரியாவில் இமையையே அறுத்து மாத்திக்கிறாங்க, நீ லென்ஸுக்குப் பயப்படுறியே" என்று தங்கை கேலி செய்கிறாள். எல்லாமே வெள்ளைக்காரி மாதிரி ஆகிற ஆசைதானா டாக்டர்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கொரியக் கதையை அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாதும்மா. மேல் இமையைத் தூக்கும் தசையின் இழைகள் தோலோடு ஒட்டியிருந்தால், கண் திறக்கும்போது தோல் உள்ளே இழுபட்டு மடிப்பு விழும். ஒட்டாவிட்டால் விழாது. நமக்குப் பிறவியிலேயே இருக்கிற அந்த மடிப்பு, கிழக்காசியர்களிலும் ஏராளமானோருக்கு உண்டு. இல்லாதவர்களுக்கு அந்த மடிப்பை உண்டாக்குவதுதான் உங்கள் தங்கை சொல்கிற அறுவை. 1896-ல் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ அதைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, மறு கண்ணில் இல்லை. இருந்த கண்ணைப் பார்த்து இல்லாததைத் தைத்தார். அங்கே வெள்ளைக்காரர் யாரும் அளவுகோலாக நிற்கவில்லை.

பிறகு வந்து நின்றார்கள். கொரியப் போர் முடிந்த கையோடு அங்கே பணியாற்றிய அமெரிக்கப் படை மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட், ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளருக்குக் கண்ணை மாற்றிக் கொடுத்தார். சாய்ந்த கண்ணைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்ப மறுக்கிறார்கள் என்பது அந்த மனிதரின் குறை. அவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. இன்று இதைச் செய்துகொள்கிற கொரியப் பெண்கள் பலர், எங்கள் ஊர் நடிகையின் கண்தான் வேண்டும் என்கிறார்கள். அதையும் நம்பத்தான் வேண்டும்.

உங்கள் லென்ஸ் விஷயத்தில் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. நம் விழி அடர்பழுப்பு. லேசான சாயம் அதன்மேல் தெரியவே தெரியாது. அதனால் ஒளி புகாத புள்ளிகளை லென்ஸில் அச்சடித்து, இருக்கிற நிறத்தை மூடுகிறார்கள். மூடிவிட்டு மேலே வைப்பது சாம்பல், நீலம், தேன் நிறம். நீலக் கண்காரர்கள் நம் கருப்பு நிறத்தைத் தேடி அலைந்து நான் பார்த்ததில்லை.

போடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அக்காவின் லென்ஸ் வேண்டவே வேண்டாம். எத்தனை மணப்பெண் கண்ணிலிருந்து வந்ததோ! கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியாவுக்கு ரத்தக்குழாய் கிடையாது, காற்றிலிருந்துதான் பிராணவாயு எடுக்கும். பொருந்தாத லென்ஸ் அதைத் தடுக்கும், உராய்ந்து புண்ணாக்கும், புண்ணில் கிருமி புகும். பவர் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் வளைவை அளந்து, சீல் பிரிக்காத சொந்த ஜோடி வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் அதில் படக்கூடாது. மேக்கப்புக்கு முன்னால் போடுங்கள், மேக்கப்பைக் கலைக்கும் முன் கழற்றுங்கள். முன்னதாக ஒருநாள் மங்கலான வெளிச்சத்தில் போட்டுப் பாருங்கள். கண்ணின் பாப்பா விரியும், லென்ஸின் நடு வட்டம் விரியாது, பார்வை கலங்கும். ஓமப்புகை வேறு இருக்கிறது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று அதிலும் தேடிப் பார்ப்பார்கள்.