ஆக்கத்துக்கு எதிர் அழிவா, கேடா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறோம். 'ஆக்கம்' என்பதன் எதிர்ச்சொல் எது: அழிவு, கேடு, இழப்பு, சோம்பல்? நண்பர்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டோம்.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு விடையையும் திருப்பிப் போட்டு, 'இதற்கு எதிர் என்ன?' என்று கேளுங்கள். சோம்பலுக்கு எதிர் சுறுசுறுப்பு. ஊக்கம் என்றும் சொல்லலாம். ஆக்கமும் ஊக்கமும் காதில் ஒன்றுபோல விழுவதால் வைத்த பொறி அது. இழப்புக்கு எதிர் பேறு. மிஞ்சுவது அழிவும் கேடும்தான். இரண்டையும் திருப்பினால் ஆக்கம் வந்து நிற்கிறது, அதனால்தான் உங்களுக்குள் சண்டை.

காரணம், ஆக்கம் என்ற சொல்லுக்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. 'ஆக்கு' என்பதிலிருந்து வந்தால் படைத்தல். 'ஆகு' என்பதிலிருந்து வந்தால் வளர்ச்சி, செல்வம். 'அணுசக்தி ஆக்கத்துக்குப் பயன்படட்டும்' என்ற தொடரில் படைப்புப் பொருள், எனவே அழிவு. 'ஆக்கமுங் கேடும் அதனால் வருதலால்' என்று 642ஆம் குறள் வருகிறது. அங்கே செழிப்புப் பொருள், வள்ளுவரே இணையையும் வைத்துவிட்டார், எனவே கேடு.

தொடரே இல்லாமல் வெறும் சொல்லைக் கொடுத்து இரண்டையும் விடைகளில் வைத்தால், அது வினாவின் குறை. தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆதாரத்தோடு மறுப்புத் தெரிவியுங்கள். அந்தக் குறளையும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'ஆக்கம்' பதிவையும் காட்டலாம்.

என் மகள் 'மெய்'யின் எதிர்ச்சொல் 'உயிர்' என்று எழுதினாள். தவறு என்று போட்டுவிட்டார்கள். மெய் என்றால் உடம்புதானே? (பெரம்பூரிலிருந்து ஒரு தாய்)

உடம்பு என்பதும் சரியான பொருள்தான், அம்மா. குழந்தை யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள், அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். ஆனால் உடலும் உயிரும் இணை. ஒன்றை ஒன்று மறுப்பவை அல்ல. இலக்கணத்திலும் இரண்டும் சேர்ந்துதான் உயிர்மெய் ஆகிறது. எதிர்ச்சொல் என்றால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்க முடியாது. ஒரு செய்தி மெய்யாக இருந்தால் அது பொய்யாக இருக்காது. அப்புறம், 'மெய் சிலிர்த்தது' என்ற தொடரில் மெய் உடம்புதான். ஆனால் உடம்பு என்ற பொருளுக்கு எதிர்ச்சொல்லே கிடையாது. இணைச்சொல்லையும் எதிர்ச்சொல்லையும் இரண்டு பட்டியலாக எழுதிப் பழக்குங்கள், குழப்பம் போய்விடும்.

'வண்மை' என்பதற்கு எதிர் 'மென்மை' என்று குறித்தேன். தவறா?

தவறு. மென்மைக்கு எதிர், றன்னகரம் போட்ட வன்மை. டண்ணகரம் போட்ட வண்மை என்றால் கொடைத்தன்மை; அதற்கு எதிர் ஈயாமை. பேச்சில் நாம் ண, ன இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் கண் எழுத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. வினாவில் எந்த 'ன' என்று பார்த்த பிறகே விடைகளுக்குப் போங்கள்.