ஒன்பது வயது மகளிடம் மாதவிடாய் பற்றி இப்போதே பேசலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒரு பக்க மார்பில் மட்டும் சின்னக் கட்டி மாதிரி இருக்கிறது, இடித்தால் வலிக்கிறது என்கிறாள். மாதவிடாய் பற்றி இப்போதே சொன்னால் பயந்துவிடுவாளோ? பள்ளியில் 8ஆம் வகுப்பில்தான் இதையெல்லாம் சொல்லித்தருவார்களாம்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மார்பு வளர்ச்சியின் தொடக்கமாகவே தெரிகிறது. காம்புக்கு நேர் கீழே, பட்டன் அளவில், தொட்டால் வலிக்கும்படி இருக்கும். முதலில் ஒரு பக்கம் தொடங்கி, சில மாதங்கள் கழித்து மறுபக்கம் வருவது சகஜம். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கட்டி என்று பயந்து அறுவை சிகிச்சைக்குப் போய்விடவும் கூடாது; அந்த மார்பின் வளர்ச்சியே பாதிக்கப்படும். சிவந்து சூடாக இருந்தாலோ, காம்பில் நீர் அல்லது ரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கும் குழந்தைகளையும் காட்டத்தான் வேண்டும். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள்.

மார்பு அரும்பியதிலிருந்து முதல் மாதவிடாய்க்குப் பொதுவாக இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதாவது உங்கள் மகளுக்கு 11 வயதை ஒட்டி வரலாம், சற்று முந்தியும் வரலாம். 8ஆம் வகுப்புப் பாடம் அவளுக்குப் பழைய செய்தியாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். வலிக்கிறது என்று அவளே வந்து சொல்லியிருக்கிறாள், அங்கிருந்தே தொடங்குங்கள்: "இது நோய் இல்லை, மார்பு வளர ஆரம்பிக்கிறது. இன்னொரு பக்கமும் வரும். அப்புறம் அக்குளில் முடி வரும், வியர்வை வாடை மாறும்." இன்றைக்கு இவ்வளவு போதும்.

சில வாரங்கள் கழித்து மாதவிடாயைச் சொல்லுங்கள். கருப்பைக்குள் ஒரு மெல்லிய படலம் வளர்ந்து, தேவைப்படாதபோது ரத்தத்தோடு வெளியேறும். சில நாளில் நின்றுவிடும். அடிபட்டு வரும் ரத்தம் இல்லை. முதல் முறை சிவப்பாக இல்லாமல் பழுப்புக் கறையாகவும் இருக்கலாம் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நாப்கினைக் கையில் கொடுத்து உள்ளாடையில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும், சுற்றி எங்கே போடுவது என்பதையும் காட்டிவிடுங்கள். உள்ளாடையில் வெள்ளைப்படுவது தெரிந்தால், மாதவிடாய் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வந்துவிடும். அப்போதிருந்து பள்ளிப் பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும்.

பள்ளியிடம் பாடத்தை முன்கூட்டியே நடத்தச் சொல்லுங்கள். 4, 5ஆம் வகுப்பில் நடத்தினால்தான் பயன். அதற்கு நாளானாலும், வகுப்பில் திடீரென்று வந்துவிட்டால் யாரிடம் போவது, நாப்கின் எங்கே இருக்கும், பாட நேரத்தில் கழிப்பறைக்கு விடுவார்களா என்பதையாவது இப்போதே கேட்டு அவளுக்குச் சொல்லிவையுங்கள். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு இந்தப் பாடத்தை நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கறையைப் பார்த்துச் சிரிப்பது பெரும்பாலும் எதுவும் தெரியாத பையன்தான். அவனுக்கும் விரைகள் பெரிதாவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது எல்லாம் வரப்போகிறது, அதையும் யாராவது முன்பே சொல்ல வேண்டும்.