பர்த் சர்டிபிகேட் தமிழ்ல இருக்கு, யூனிவர்சிட்டி சர்டிஃபைட் டிரான்ஸ்லேஷன் கேக்குதுன்னா

வணக்கம் சார், உங்க மெசேஜ் பாத்தேன். பொண்ணு யூகேல மாஸ்டர்ஸ், பணம் உங்க அக்கவுண்ட்ல இருக்கு, அதனால நீங்கதான் அப்பான்னு காட்ட பர்த் சர்டிபிகேட்டும் உங்க சம்மத கடிதமும் கேக்குறாங்க, சர்டிபிகேட்டோ முழுக்க தமிழ்ல கைல எழுதின பழசு. விசாவுக்கு தேவையான சிஏஎஸ்ங்கிற சேர்க்கை உறுதியை குடுக்குறதுக்கு முன்னாடியே டிரான்ஸ்லேஷன் அனுப்புங்கன்னு யூனிவர்சிட்டி மெயில் போட்டிருக்கு. பதில் மெயில் எழுத அவசரப்படாதீங்க, இணைக்க வேண்டியது ரெடியானா மெயில் அஞ்சு நிமிஷ வேலை.

முதல்ல, பிறப்பு பதிவான பேரூராட்சி இல்ல நகராட்சி ஆபீஸ்ல புது காப்பி கேட்டு பாருங்க. இப்பல்லாம் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த ஃபார்ம்ல தர்றாங்க, அதுல எல்லா விவரமும் இங்கிலீஷ்லயும் நிரப்பி வந்துட்டா டிரான்ஸ்லேஷனே தேவைப்படாது. தலைப்பு மட்டும் இங்கிலீஷ்ல இருந்து பேரெல்லாம் தமிழ்ல இருந்தா பிரயோஜனம் இல்ல, வாங்குற இடத்துலயே பாத்துடுங்க. லேட் ஆகும்னு சொன்னா டிரான்ஸ்லேட்டர்கிட்ட போங்க.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, சர்டிஃபைட்னு சொன்னதும் ஜெராக்ஸ் எடுத்துட்டு போய் நோட்டரிகிட்ட சீல் போட்டு அனுப்பிடுறாங்க. அந்த சீல் ஜெராக்ஸும் ஒரிஜினலும் ஒண்ணுன்னுதான் சொல்லும், மொழிபெயர்ப்பு சரியான்னு சொல்லாது. யூகே விசா ரூல்ல கேக்குறது வேற: இது ஒரிஜினலோட சரியான மொழிபெயர்ப்புன்னு டிரான்ஸ்லேட்டர் எழுதி தரணும், மொழிபெயர்த்த தேதி, அவரோட முழுப்பேர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்கணும், அவங்க போன் போட்டு விசாரிக்கிற மாதிரி. அதனால நீங்களோ சித்தப்பாவோ பண்ணி குடுக்குற ஐடியாவை விட்டுடுங்க. கனடாவுக்கு போற பக்கத்து வீட்டு பையன் அஃபிடவிட் வாங்கினான்னு நீங்களும் வாங்கணும்னு இல்ல, அங்க சர்டிஃபைட் டிரான்ஸ்லேட்டர் பண்ணலன்னா பண்ணினவரோட அஃபிடவிட் கேப்பாங்க, அது அந்த ஊர் ரூல்.

டிரான்ஸ்லேட்டர்கிட்ட சர்டிபிகேட்டோட பொண்ணு பாஸ்போர்ட் காப்பி, உங்க பாஸ்போர்ட் இருந்தா அதுவும், பேங்க் ஸ்டேட்மென்ட் முதல் பக்கமும் குடுங்க. அவருக்கு ஏன் பேங்க் பேப்பர்னு கேப்பீங்க, ஸ்பெல்லிங்குக்குதான். தமிழ்ல ஜெயந்தின்னு இருக்கும், பாஸ்போர்ட்ல JEYANTHI, அவர் பாட்டுக்கு Jayanthi-ன்னு அடிச்சுட்டா ரெண்டும் ஒரே ஆளான்னு அங்க உக்காந்திருக்குறவருக்கு சந்தேகம் வரும். ஆனா இனிஷியல் விஷயத்துல கவனம். சர்டிபிகேட்ல ப. முருகேசன்னு இருந்தா P. Murugesan-னுதான் வரணும், பாஸ்போர்ட்ல பழனிசாமின்னு முழுசா இருக்குன்னு டிரான்ஸ்லேட்டர் அதை விரிச்சு எழுதக்கூடாது, பேப்பர்ல இல்லாததை எழுதினா அது மொழிபெயர்ப்பு இல்ல. அந்த வித்தியாசத்தை நீங்க சம்மத கடிதத்துல ஒரு வரில சொல்லிடுங்க. அம்மா பேரே வேறயா இருக்குன்னா அது டிரான்ஸ்லேட்டர் கைல இல்ல, பதிவாளர் ஆபீஸ்ல திருத்தம் போட்டுட்டுதான் இங்க வரணும்.

வேலை முடிஞ்சு வந்ததும் ஒரிஜினலை பக்கத்துல வெச்சு நீங்களே ஒரு வாட்டி ஒப்பிட்டு பாருங்க. ரவுண்ட் சீல்ல இருக்குற எழுத்து, ஓரத்துல பேனால எழுதின குறிப்பு, பின்பக்கம், பதிவு எண் எல்லாம் வந்திருக்கணும், அழிஞ்சு போன இடத்துல படிக்க முடியலன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கணும், ஊகிச்சு நிரப்பியிருக்கக்கூடாது. தேதில மாசத்தை எழுத்துல போட சொல்லுங்க, 05/08 ஆகஸ்ட்டா மே மாசமான்னு குழப்பம் வேண்டாம்.

அப்புறம் ஸ்கேன். போன்ல சாஞ்ச மாதிரி எடுத்த போட்டோ வேண்டாம், கலர்ல ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி தமிழ் ஒரிஜினல், டிரான்ஸ்லேஷன், டிரான்ஸ்லேட்டர் உறுதிமொழி இந்த வரிசைல ஒரே பிடிஎஃப்பா சேருங்க. சம்மத கடிதம் தனி பிடிஎஃப்.

மெயில் உங்க ஐடில இருந்து போகக்கூடாது, பொண்ணு அப்ளிகேஷன்ல குடுத்த ஐடில இருந்து, அவங்க அனுப்பின மெயிலுக்கே ரிப்ளையா போகணும், சப்ஜெக்ட்ல அப்ளிகேஷன் நம்பரும் பாஸ்போர்ட்ல உள்ள பேரும். உள்ள நாலு வரி போதும்: எந்த தேதி மெயில்ல என்ன கேட்டீங்க, இதோ இந்த ரெண்டு ஃபைல்ல என்ன இருக்கு, சரியா வந்துச்சான்னு உறுதி பண்ணுங்க. குடும்ப கதை வேண்டாம். கெடு தேதிக்குள்ள டிரான்ஸ்லேஷன் வராதுன்னு தெரிஞ்சா ஒரிஜினலை மட்டும் அனுப்பிட்டு, எந்த தேதில மீதி வரும்னு கெடுவுக்கு முன்னாடியே எழுதிடுங்க. கையெழுத்து போட்ட டிரான்ஸ்லேஷன் பேப்பரை பத்திரமா வைங்க, விசா அப்ளிகேஷன்லயும் இதே செட்டைதான் மறுபடி அப்லோட் பண்ணணும்.