சட்டைப்பையில் இருக்கும் சீட்டு

அன்புள்ள ஐயா,

‘கடைசி பஸ்’ கதையைக் குறும்படமாக எடுக்க அனுமதி தந்ததற்கு நன்றி. 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மனைவியின் கண் ஆபரேஷனுக்குப் பணம் கேட்க மகன் வீட்டுக்குப் போகும் பெரியவர், கேட்காமலே திரும்பும் இடம் கதையில் முழுக்க அவர் மனதுக்குள் நடக்கிறது. அதைப் பின்னணிக் குரலாக எழுதினேன். ரேடியோ நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ஃப்ளாஷ்பேக் வைக்கலாமா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃப்ளாஷ்பேக் வேண்டாம். அதற்கு இன்னொரு வீடும் இளவயது நடிகர்களும் தேவைப்படும். அதைவிட, மகன் எதிரில் நிற்கும் அந்த நிமிடத்தை விட்டு பார்வையாளர் வெளியே போய்விடுவார்.

நான் எழுதிய மன ஓட்டத்தை வரிவரியாகப் படமாக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கங்களில் படத்துக்குத் தேவையானவை மூன்றுதான்: அவர் கேட்க வந்தார், மகனிடம் இல்லை என்று கண்டார், கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். தம்பியிடம் பட்ட பழைய கடன், அந்த அவமானம் எல்லாம் கதையோடு இருக்கட்டும்.

கேட்க வந்தார் என்பது, அவர் மகன் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கதையில் இல்லாத ஒரு பொருளை அதற்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆஸ்பத்திரியில் செலவு எழுதிக் கொடுத்த சீட்டு. முதல் காட்சியில், பஸ்ஸில், அதை எடுத்துப் படிக்கிறார். தொகை நமக்கும் தெரிய வேண்டும். கண்டக்டருக்குப் பணம் எடுக்கும்போது நோட்டோடு சீட்டும் வருகிறது. பிரித்து மறுபடி பையில் வைக்கிறார். ஒரு முறை மட்டும் காட்டினால் பார்வையாளர் மறந்துவிடுவார். இரண்டு முறை பார்த்துவிட்டால், அப்புறம் அவர் கை சட்டைப்பைக்குப் போனாலே போதும்.

உங்கள் பிரதியில் ‘மகனின் கஷ்டத்தை உணர்ந்து மனம் உடைகிறார்’ என்று இருக்கிறது. இதை நடிகர் எப்படி நடிப்பார்? முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் மட்டும், நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘க்ளோசப்’ என்று எழுதத் தேவையில்லை. தனித்துக் காட்ட வேண்டியதைத் தனி வரியாக எழுதினால், படிக்கும் ஒளிப்பதிவாளருக்குப் புரியும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

காட்சி 4. உள்ளே. மகன் வீடு, சமையலறை. மாலை.

அடுப்பில் டீ. தீ சிறுத்து அணைகிறது.

மருமகள் சிலிண்டரைச் சாய்த்துப் பார்க்கிறாள். மறுபடி பற்றவைக்கிறாள். லேசாக எரிகிறது.

பெரியவர் வாசலில் நின்று பார்க்கிறார். தோளில் துணிப்பை. வலது கை சட்டைப்பையில்.

மகன் பின்னால் வருகிறான்.

மகன்: என்னப்பா திடீர்னு? ஒரு போன்கூடப் பண்ணல?

பெரியவரின் கை பையிலிருந்து வெறுமனே இறங்குகிறது.

பெரியவர்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மகன்: இன்னிக்கேவா? துணியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்க.

பெரியவர்: அம்மா தனியா இருக்கா.

மகன் கேட்டதற்கு இங்கே பதில் இல்லை. வந்த காரியம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் முடிவு எடுத்தாயிற்று. ‘உனக்கே கஷ்டமா இருக்கு போல’ என்று அவர் ஒரு வரி சொன்னாலும் காட்சி விழுந்துவிடும்.

சீட்டைப் பேரனிடம் கொடுத்துக் கப்பல் செய்ய வைக்கலாம் என்று தோன்றும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அவர் அப்படிச் செய்ய மாட்டார், நாளைக்கு வேறு யாரிடமாவது அதைக் காட்ட வேண்டுமே.

கதையின் கடைசிப் பத்தியும் முழுக்க நினைப்புதான். அதைத் தூக்கிவிட்டு, திரும்பும் பஸ்ஸில் மனைவியின் போன் வருவதாக வையுங்கள். ‘கேட்டீங்களா?’ என்கிறாள். ‘கேட்டேன். அடுத்த மாசம் தரேன்னான்’ என்கிறார். அது பொய் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் எழுதிய பத்தியைவிட இது வலுவானது என்றே நினைக்கிறேன், தயங்காமல் மாற்றுங்கள்.

எழுதி முடித்ததும், கதை படிக்காத ஒருவரிடம் பிரதியைக் கொடுங்கள். எதற்கு வந்தார், ஏன் கேட்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். ‘பாவம், ஏதோ கவலை’ என்று சொன்னால் சீட்டோ சிலிண்டரோ சரியாகப் பதியவில்லை. வசனத்தைக் கூட்டாமல் அந்த வரிகளைத் திருத்துங்கள்.

நீளத்துக்கு, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை நம்பாதீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்தளவையும் பக்க அமைப்பையும் வைத்து வந்த உத்தேசம். பேச்சில்லாத காட்சி தாளில் நான்கு வரிதான் வரும், திரையில் ஒரு நிமிடம் ஓடும். நண்பர்களை நிற்க வைத்து நடித்துப் பார்த்து, கடிகாரத்தில் நேரம் குறியுங்கள். 12 நிமிடத்தைத் தாண்டினால் முதலில் பஸ் காட்சியைச் சுருக்குங்கள். சமையலறையில் கை வைக்க வேண்டாம்.