வரவேற்பு மேடையில் அரை நிமிடம்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர்: தஞ்சைப் பக்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் பல ஆண்டுகள் மேலாளராக இருந்தவர்)

நான் மணமகனோடு வேலை பார்ப்பவள். மேடையில் நிற்கும் பெற்றோருக்கு என்னைத் தெரியாது. என்ன சொல்லி அறிமுகமாவது?

பெயரை மட்டும் சொன்னால், எந்த உறவு என்று தேடி அவர்கள் திணறுவார்கள். அவருடைய பெற்றோரிடம் "உங்கள் மகனோடு வேலை பார்க்கிறேன்" என்றும், பெண் வீட்டாரிடம் "மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறேன்" என்றும் சொல்லிக் கைகூப்புங்கள். மணமகளிடம் நீங்களாகப் பேச்சைத் தொடங்காமல், மணமகன் உங்களை அறிமுகப்படுத்தும்வரை ஒரு கணம் பொறுத்திருப்பது அவருக்கும் இயல்பாக இருக்கும்.

வரிசை நகராததற்குப் புகைப்படக்காரர்தான் காரணம். சரிதானே?

பாதி சரி. 400 பேர் நால்வர் நால்வராக மேடையேறினால் 100 குழுக்கள். குழுவுக்கு அரை நிமிடம் என்றால் 50 நிமிடத்தில் முடியும், ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி 40 நிமிடம் ஆகும். நான் பார்த்தவரை அந்த மிகுதி அரை நிமிடத்தைத் தின்பது பெரும்பாலும் விருந்தினர்தான்: மேடையில் நின்றபடி, பந்தியில் இருக்கும் சின்ன மகனைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். படியேறுமுன்பே குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட்டால் புகைப்படக்காரருக்கும் சிரமம் இல்லை.

மொய் எவ்வளவு வைக்கலாம்?

இங்கே பேசுவது மேடையில் வாழ்த்துவதைப் பற்றி. தொகை உங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் கவரின் மேல் பெயரும் ஊரும் எழுதி, உங்களை அழைத்த வீட்டாரின் கையில் கொடுங்கள். பெயரில்லாத கவரை மறுநாள் பிரிப்பவர்களால் மொய் நோட்டில் வரவு வைக்க முடியாது, பின்னாளில் உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யவும் வழியிருக்காது.

மணமகளின் அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. துக்கத்துக்குப் போக முடியவில்லை. மேடையில் அம்மாவிடம் விசாரிக்கலாமா?

வேண்டாம். அடுத்த குழு படியில் நிற்கும்போது அழத் தொடங்குபவரால் உடனே முகத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது. கையைப் பிடித்து, "நல்லபடியாக நடத்திவிட்டீர்கள்" என்று சொன்னாலே அவருக்குப் புரியும். விசாரிப்பதற்குத் திருமணம் முடிந்தபின் வீட்டுக்குப் போங்கள். சில குடும்பங்களில் அப்படிப்பட்ட தாயை இன்னும் மேடையேற்றுவதில்லை. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கீழே முதல் வரிசையில் அமர்ந்திருந்தால், மேடையிலிருந்து இறங்கியதும் நேரே அவரிடம் சென்று வாழ்த்திவிட்டுப் பிறகு பந்திக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் சாப்பிட்ட பிறகுதான் மேடையேறுவோம். போன மாதம் ஒருவர் அதை மரியாதைக் குறைவு என்றார்.

என் அனுபவத்தில் இரண்டு வழக்கமும் உண்டு. வயதானவர்களையும் குழந்தைகளையும் முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, வரிசை குறைந்தபின் ஏறச் சொல்வேன். என் மனைவியோ, வந்த முகத்தை முதலில் காட்டிவிட வேண்டும் என்பார். எங்கள் வீட்டிலேயே இது இன்னும் தீரவில்லை.